பாதிப் பணம் முன்னாடியே கேட்டா என்ன சொல்றது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

போன வாரம் வாடகை வீட்டு அட்வான்ஸ் பத்திப் பேசினோம். இன்னைக்கும் அட்வான்ஸ்தான், ஆனா இந்தத் தடவை கேட்கிறவர் கான்ட்ராக்டர்.

சென்னையில எங்க அம்மா ஃபிளாட். பாத்ரூமுக்கு இருபது வயசு. கீழ்வீட்டு சீலிங்ல ஈரம் இறங்க ஆரம்பிச்சிடுச்சு, அதனால மொத்தமா உடைச்சுப் புதுசா போட முடிவு பண்ணோம். தெரிஞ்சவங்க சொல்லி ஒருத்தர் வந்தார். அவர் முடிச்ச ரெண்டு வீட்டைப் போய்ப் பார்த்தேன், வேலை சுத்தமா இருந்தது. கொட்டேஷன் 2,00,000 ரூபாய். எல்லாம் பேசி முடிச்ச பிறகு சொன்னார்: "மேடம், ஒரு லட்சம் அட்வான்ஸ் போட்டு விடுங்க, திங்கக்கிழமை ஆளை இறக்கிடறேன்."

எனக்கு உடனே எங்க சித்தி வீடு ஞாபகம் வந்தது. அங்கேயும் பாதிப் பணம் கொடுத்தாங்க. முதல் வாரம் தடதடன்னு உடைச்சாங்க. அப்புறம் "நாளைக்கு வரேன்"னு சொல்லியே ஒரு மாசம் ஓடிப்போச்சு. உடைச்ச பாத்ரூமை இன்னொருத்தர் எடுத்துச் செய்ய யோசிப்பார், கொடுத்த பணமும் திரும்பாது. ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டாங்க.

அதே சமயம் இந்த மனுஷரை இழக்கவும் எனக்கு மனசில்லை. அதனால "முடியாது"ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "அண்ணா, அந்த ஒரு லட்சம் முதல் வாரத்துல எதுக்கெல்லாம் போகும்?"

இந்தக் கேள்விதான் முக்கியம். அட்வான்ஸ் கேட்கிறதுக்குப் பின்னாடி வழக்கமா மூணு காரணம் இருக்கும். ஒண்ணு, பொருள் வாங்க அவர் கையில காசு இருக்காது. ரெண்டு, ஆளுங்களுக்குச் சனிக்கிழமை ஆனா கூலி கொடுக்கணும். மூணு, வேலையை முடிச்ச பிறகு காசுக்கு இழுத்தடிச்ச வீட்டுக்காரங்களை அவர் நிறைய பார்த்திருப்பார், அந்த பயம். இந்த மூணுமே நியாயமான காரணங்கள், மூணுக்கும் வழி இருக்கு. நாலாவது ஒண்ணு இருக்கு: போன சைட்ல விழுந்த பள்ளத்தை நம்ம பணத்தால மூடுறது. அதை அவர் வாயால சொல்ல மாட்டார். கணக்கு கேட்டா பதில் வராது, அதை வெச்சு நாமதான் புரிஞ்சுக்கணும்.

இவர் கணக்கு சொன்னார். டைல்ஸ், கம்மோடு, குழாய் ஃபிட்டிங்ஸ் எல்லாம் சேர்த்து 80,000. உடைக்கிற கூலி, ரப்பிஷ் அள்ளுற டெம்போ, பைப்புக்கு 20,000. ஆக, அவர் கேட்டதுல பெரும்பகுதி கடைக்குப் போற காசு.

நான் சொன்னேன்: "அண்ணா, பணம் ரெடியா இருக்கு. ஆனா மொத்தமா முன்னாடி கொடுக்கிற பழக்கம் எங்க வீட்ல இல்லை. டைல்ஸும் ஃபிட்டிங்ஸும் உங்களுக்குத் தெரிஞ்ச கடையிலயே எடுப்போம். நீங்களும் கூட வாங்க. பில் என் பேர்ல, காசு நானே கடைக்குக் கட்டிடறேன். முதல் வாரச் செலவுக்கு 20,000 திங்கக்கிழமை காலையில உங்க கையில இருக்கும்."

"உங்களுக்குத் தெரிஞ்ச கடை"ன்னு சொன்னதைக் கவனிச்சீங்களா? பல கான்ட்ராக்டர்களுக்குக் கடையில ஒரு கமிஷன் உண்டு. நாம ஆன்லைன்ல விலை பார்த்து வேற கடைக்குப் போனா அவருக்கு அது நஷ்டம், அதைக் கூலியில ஏத்திடுவார். அவர் கடையிலயே வாங்கி, விலையை மட்டும் இன்னொரு கடையில விசாரிச்சுக்கிட்டா போதும். அவர் வருமானமும் போகலை, நம்ம பணமும் பொருளா நம்ம வீட்டுக்குள்ள வந்துடுச்சு.

மிச்சம் 1,20,000. இதைத் தேதி வெச்சுப் பிரிக்காம, வேலையை வெச்சுப் பிரிச்சோம். வாட்ஸ்அப்ல தமிழ்லயே டைப் பண்ணி அனுப்பினேன், அவர் "சரி"ன்னு போட்டார்.

• ஆரம்பிக்கும்போது 20,000.
• உடைச்சு, ரப்பிஷ் அள்ளி, சுவருக்குள்ள பைப் போட்டு, பிரஷர் டெஸ்ட் முடிஞ்சதும் 30,000.
• வாட்டர்ப்ரூஃபிங் முடிஞ்சு, தண்ணி கட்டிப் பார்த்ததும் 25,000.
• டைல்ஸ் ஒட்டி முடிஞ்சதும் 30,000.
• ஃபிட்டிங்ஸ் மாட்டி, எல்லாம் ஓடினதும் 10,000.
• ஒரு மாசம் கழிச்சு 5,000.

ஒவ்வொரு படியும் கண்ணால பார்த்துச் சோதிக்கிற மாதிரி இருக்கணும். "பாதி வேலை முடிஞ்சதும்"னு எழுதினா, எது பாதின்னு சண்டை வரும். பைப்ல கைபம்பு வெச்சு அழுத்தம் ஏத்தி, மீட்டர் முள் இறங்காம நிக்குதான்னு பார்க்கணும். இதைச் சுவர் பூசுறதுக்கு முன்னாடியே பண்ணணும், பூசிட்டா மறுபடி உடைக்கணும். அப்பவே பைப் போற பாதையை போட்டோவும் எடுத்து வெச்சுக்கோங்க. வாட்டர்ப்ரூஃபிங்குக்கு ஓட்டையை அடைச்சு, ரெண்டு அங்குலம் தண்ணி கட்டி, 48 மணி நேரம் விட்டு, கீழ்வீட்டு சீலிங்கைப் போய்ப் பார்த்தோம். டைல்ஸைக் காசால தட்டினா, அடியில சிமென்ட் பிடிக்காத இடம் வெத்துச் சத்தம் கொடுக்கும்.

அவருடைய பயத்துக்கும் பதில் வேணுமே? அதுக்கு ஒரு வாக்கு கொடுத்தேன்: "சோதனை முடிஞ்ச அன்னைக்கே காசு வந்துடும், மறுநாள்னு சொல்ல மாட்டேன்." அதை அப்படியே காப்பாத்தினேன். முதல் தவணை சொன்ன நேரத்துல போனதுக்கு அப்புறம் அவர் பேச்சே மாறிடுச்சு. அட்வான்ஸைக் குறைக்கிறவங்க சொன்ன நாள்ல கொடுக்கிறவங்களா இருக்கணும். இல்லேன்னா அவர் பயம் உண்மையாயிடும்.

நடுவுல ஒரு சிக்கல் வந்தது. மூணாவது வாரச் சனிக்கிழமை, "டைல்ஸ் பாதிதான் ஆயிருக்கு, கூலிக்கு முப்பதும் கொடுத்துடுங்க மேடம்"னார். இங்கதான் நிறைய பேர் சறுக்குவாங்க. நான் மறுக்கலை, தவணையை உடைச்சேன். சுவர் டைல்ஸ் முடிஞ்சிருந்தது, அதுக்கு 15,000 அப்பவே கொடுத்தேன். தரை முடிஞ்சதும் மீதி. எப்பவும் வேலை ஒரு அடி முன்னாடி, பணம் ஒரு அடி பின்னாடி. அந்த இடைவெளி பெருசாகவும் கூடாது, தலைகீழாகவும் கூடாது.

இந்த முறை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மாடுலர் கிச்சன் மாதிரி உங்க அளவுக்கே ஃபேக்டரியில வெட்டுற வேலைன்னா, நீங்க பின்வாங்கினா அதை வேற யாருக்கும் விக்க முடியாது. அங்க பெரிய தொகை கேட்கிறது நியாயம். ஆனா அதைப் பேசின அன்னைக்கே கொடுக்காதீங்க. அளவெடுத்து, டிராயிங்ல நீங்க சம்மதிச்சு, வெட்டப் போறதுக்கு முன்னாடி கொடுங்க.

கடைக்கு நேரா கட்டுறேன், முதல் வாரச் செலவு தரேன், அன்னன்னைக்கே செட்டில் பண்றேன்னு மூணும் சொன்ன பிறகும் ஒருத்தர் "ஒரு லட்சம் கையில வந்தாதான்"னு நின்னா? அவருக்குப் பணம் தேவைப்படுறது உங்க வேலைக்கு இல்லை. நன்றி சொல்லி விட்டுடுங்க. அந்த நேரத்துல உங்க பாத்ரூம் இன்னும் உடைபடாம இருக்கே, அதுதான் உங்க பலம்.

கடைசி 5,000-ஐ ஒரு மாசம் கழிச்சுக் கொடுக்கப் போனப்போ, கீழ்வீட்டு சீலிங் காய்ஞ்சிருந்தது. அடுத்து எங்க கிச்சனையும் அவரே பண்றார். இந்தத் தடவை அட்வான்ஸ் எவ்வளவுன்னு அவர் கேட்கலை, "அதே லிஸ்ட் மாதிரி அனுப்பி விடுங்க மேடம்"னார்.