பதினெட்டு மாதங்களும் ஒரு கணக்குத் தாளும்

ஜெர்மனியில் பட்டம் வாங்கிய வெளிநாட்டு மாணவர், படிப்பு முடிந்தபின் 18 மாதம் வரை அங்கே தங்கி வேலை தேடலாம். நம் பிள்ளைகளில் பலர் இதை நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பிக் காத்திருக்கும் காலமாக மட்டுமே பார்க்கிறார்கள். ஆனால் அந்த அனுமதி சம்பள வேலைக்கும் செல்லும், சொந்தத் தொழிலுக்கும் செல்லும். அட்டையில் 'எர்வெர்ப்ஸ்டேடிக்கைட்' என்று ஒரு சொல் இருக்கும். பிழைப்புக்காகச் செய்யும் எல்லா உழைப்பையும் அது குறிக்கும். தொழில் தொடங்கி அங்கேயே தங்க நினைப்பவர் தனக்கான சான்றுகளைச் சேர்க்கக் கிடைக்கும் நல்ல காலம் இதுதான். 18 மாதமும் தீர்ந்தபின் திட்ட அறிக்கை எழுத உட்காருபவர் கையில் காகிதம் மட்டும்தான் இருக்கும்.

சுயதொழிலுக்கான வசிப்பு அனுமதி ஜெர்மன் வசிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் வருகிறது. வெளியிலிருந்து வருபவருக்கு அதன் வாசல் குறுகலானது. அவருடைய தொழில் அந்த நாட்டுக்கோ வட்டாரத்துக்கோ தேவைப்படுகிறது, பொருளாதாரத்துக்கு நல்லது செய்யும், அதற்குப் பணம் இருக்கிறது என மூன்றையும் அவர் காட்ட வேண்டும். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கு இதே பிரிவில் 2அ என்ற உட்பிரிவு இருக்கிறது. அதன்படி, தொடங்கும் தொழிலுக்கும் படித்த படிப்புக்கும் தொடர்பு இருந்தால், வட்டாரத் தேவையைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. இயந்திரவியல் படித்தவர் தோசைக் கடை போட நினைத்தால் இந்தச் சலுகை கிடைக்காது. தோசைக் கடை மோசமான தொழில் என்பதால் அல்ல. அவர் அந்தக் குறுகலான பொது வாசல் வழியே வர வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

சலுகை உண்டு என்பதால் கதவு தானே திறந்துவிடாது. சட்டம் 'தரலாம்' என்றுதான் சொல்கிறது, 'தர வேண்டும்' என்று சொல்லவில்லை. முடிவு வெளிநாட்டினர் அலுவலக அதிகாரியின் கையில் இருக்கிறது. தேவைப்பட்டால் அவர் உள்ளூர் தொழில் வணிகக் கழகத்திடம் கருத்துக் கேட்பார். யோசனை எவ்வளவு புதுமையானது என்பதைவிட, இந்த மனிதர் அரசு உதவித்தொகையை எதிர்பார்க்காமல் வாடகையும் மருத்துவக் காப்பீடும் கட்டி வாழ்வாரா என்பதே அவர் முன்னால் உள்ள முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குக் கணக்குதான் பதில் சொல்ல முடியும்.

ஒரு கற்பனை விண்ணப்பத்தைப் போட்டுப் பார்ப்போம். கோவையில் பி.இ. முடித்து, ஜெர்மனியில் எரிசக்திப் பொறியியலில் முதுகலை படித்த ஒரு பெண். சிறிய பேக்கரிகளுக்குப் போய், அடுப்பிலும் குளிர்பெட்டியிலும் மின்சாரமும் எரிவாயுவும் எங்கே வீணாகின்றன என்று அளந்து அறிக்கை தருவது அவர் தொழில். ஒரு பேக்கரிக்கு 900 யூரோ வாங்குகிறார். படிப்போடு தொடர்பு தெளிவாகத் தெரிகிறது. வாடகை, சாப்பாடு, பயணம், காப்பீடு எல்லாம் சேர்த்து அவருக்கு மாதம் 1,300 யூரோ ஆகிறது. மென்பொருள் சந்தா, பொறுப்புக் காப்பீடு, கணக்காளர் என்று தொழிலுக்கு 400. மொத்தம் 1,700. மாதம் 2 பேக்கரி கிடைத்தால் 1,800 வருகிறது, ஆக தொழில் ஓடும் என்று அவருக்குத் தோன்றும்.

அதிகாரி கவனிப்பது அந்த 2 பேக்கரி எந்த மாதத்திலிருந்து கிடைக்கும் என்பதைத்தான். முதல் 2 மாதம் வேலை இல்லை, 3ஆம், 4ஆம் மாதங்களில் ஒவ்வொன்று, 5ஆம் மாதத்திலிருந்து இரண்டிரண்டு என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் பணம் தர ஒரு மாதம் ஆகும். அளவுக் கருவிகளுக்கு ஆரம்பத்திலேயே 2,500 யூரோ போய்விடுகிறது. மாதம் 1,700 வீதம் கழித்துக்கொண்டே வந்தால் 3ஆம் மாத முடிவில் 7,600 யூரோ பள்ளம். 4ஆம் மாதம்தான் முதல் 900 கைக்கு வருகிறது. 5ஆம் மாதக் கடைசியில் பள்ளம் 9,200 யூரோவைத் தொட்டு, அதற்குப் பிறகே மெல்ல ஏறத் தொடங்குகிறது. அவரிடம் 6,000 யூரோ சேமிப்பு இருந்தால், அது 3ஆம் மாதமே தீர்ந்துவிடும். அப்பா 4,000 யூரோ தருவதாகச் சொன்னால் கணக்கு தப்பிக்கும். ஆனால் போனில் சொன்ன வாக்கைக் கோப்பில் சேர்க்க முடியாது. தொகை, திருப்பித் தரும் தவணை, கையெழுத்து எல்லாம் உள்ள கடன் ஒப்பந்தமும், பணம் வங்கிக்கு வந்ததற்கான தாளும் வேண்டும்.

பள்ளம் தாண்டினபிறகும் 2 பேக்கரியில் மாதம் 100 யூரோதான் மிச்சம். வருமான வரி வந்தாலோ, ஒரு மாதம் காய்ச்சலில் படுத்தாலோ அதுவும் போய்விடும். அதனால் ஒரு கட்டத்தில் 3ஆவது பேக்கரி எப்படி வரும் என்று அவர் எழுத வேண்டும். மாதம் 10 என்று துணிந்து எழுதினால் அதிகாரி வேறு வழியில் பிடித்துவிடுவார்: ஒரு பேக்கரிக்கு 4 நாள் வேலை என்று அவரே இன்னொரு பக்கத்தில் எழுதியிருப்பார், மாதத்தில் அத்தனை நாளே கிடையாது. நிராகரிப்புக்கு ஆளாகும் திட்டங்களில் நான் முதலில் தேடுவது இந்த மாதிரி, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தோடு ஒத்துப்போகாத இடங்களைத்தான்.

வாடிக்கையாளர் இருக்கிறார் என்பதைக் காட்ட வழக்கமாகக் கேட்கப்படுவது விருப்பக் கடிதம். பாராட்டுக் கடிதம் இங்கே உதவாது. 'இவருடைய யோசனை அருமை, வெற்றி பெற வாழ்த்துகிறோம்' என்ற கடிதத்தால் வாடகை கட்ட முடியாது. நிறுவனத்தின் பெயர்த்தாளில், எந்த வேலை, எத்தனை முறை, என்ன விலை, எப்போது என்று எழுதி, கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒருவர் கையெழுத்திட்டால் அது சான்று. அதைவிடப் பெரிய சான்று ஏற்கெனவே அனுப்பிய பில்லும், பணம் வந்த வங்கித் தாளும். 18 மாதத்தைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னது இதற்காகத்தான். அந்தக் காலத்தில் வரி அலுவலகத்தில் பதிந்து, 5 பேக்கரிக்கு வேலை செய்து பணம் வாங்கியவருடைய திட்டத்தில் எதிர்காலம் குறைவு, நடந்தது அதிகம்.

வாடிக்கையாளர் ஒரே ஒருவராக இருப்பதும் ஆபத்து. பகுதிநேரமாக வேலை பார்த்த நிறுவனமே 'இனி நீ பில் போட்டு வாங்கிக்கொள்' என்று சொல்வது உண்டு. அவர்கள் நேரத்துக்கு, அவர்கள் மேசையில், அவர்கள் சொல்படி வேலை செய்பவரை ஜெர்மன் சட்டம் போலிச் சுயதொழிலர் என்று பார்க்கும். அனுமதி கிடைக்காமல் போவதோடு, அந்த நிறுவனத்துக்குச் சமூகக் காப்பீட்டுப் பாக்கியும் வந்து சேரும்.

இன்னொரு பிரிப்பு பலருக்குத் தெரியாமலே தலையில் விழுகிறது. பொறியாளர், கட்டடக் கலைஞர், மொழிபெயர்ப்பாளர் போன்றோர் அறிவை விற்றால் ஜெர்மனியில் அது 'ஃப்ரைபெருஃப்', கட்டற்ற தொழில். பொருள் விற்றால் வணிகம். நகராட்சியின் தொழில் அலுவலகத்தில் பதிய வேண்டும். நம் பேக்கரிப் பொறியாளர் ஆலோசனை மட்டும் தந்தால் முதல் வகை. கருவிகளையும் வாங்கி விற்கத் தொடங்கினால் இரண்டாம் வகையும் ஒட்டிக்கொள்ளும். சுயதொழில் அனுமதி அதிகபட்சம் 3 ஆண்டுக்குத் தரப்படுகிறது. தொழில் நன்றாக நடந்து வருமானம் உறுதியானால் 3 ஆண்டிலேயே நிரந்தர அனுமதி கேட்க 21ஆம் பிரிவு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது. ஆனால் கட்டற்ற தொழிலர் என்ற 5ஆம் உட்பிரிவில் அனுமதி பெற்றவருக்கு அது பொருந்தாது. அதனால் எந்த உட்பிரிவின் கீழ் அனுமதி வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிக் கேட்பது நல்லது.

பழைய அனுமதி முடிவதற்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகக் கருதப்படும், அதற்கு ஒரு சான்றிதழும் தருவார்கள். ஒரு நாள் பிந்தினாலும் அந்தப் பாதுகாப்பு சிக்கலாகிவிடும். முதல் அனுமதி கிடைத்து அதைப் புதுப்பிக்கப் போகும்போது அதிகாரி திட்ட அறிக்கையைத் திரும்பக் கேட்பதைவிட வரி மதிப்பீட்டு ஆணையையும், கணக்காளர் தந்த வரவு செலவுத் தாளையும்தான் கேட்பார். அந்த நாளில் 3ஆவது பேக்கரி வந்ததா இல்லையா என்பது அதிலேயே இருக்கும்.