எந்த இடத்தின் 46 டிகிரி?

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் செயலியைத் திறந்தால் பேட்டரி வெப்பநிலை என்று ஓர் எண் தெரியும். 46 டிகிரி என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். பெட்டிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட செல்கள் இருக்கின்றன. அவற்றில் எந்தச் செல்லின் 46 அது? பெரும்பாலான வாகனங்களில் அது ஒன்றிரண்டு செல்களின் தோலில் ஒட்டிய ஒரு மணியின் வெப்பம், அவ்வளவுதான். மற்ற செல்களைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. அந்த மணியை எங்கே ஒட்டினார்கள் என்று தெரிந்தால்தான் எண்ணை நம்பலாமா என்று முடிவு செய்யலாம்.

மணி என்று சொன்னது தெர்மிஸ்டரை. மிளகு அளவுள்ள இந்தப் பொருளின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும். பேட்டரிகளில் பரவலாகப் பயன்படும் வகைக்கு 25 டிகிரியில் 10,000 ஓம் தடை. 60 டிகிரியில் அது மூவாயிரம் ஓமுக்குக் கீழே இறங்கிவிடும். பேட்டரியைக் காவல் காக்கும் பி.எம்.எஸ். என்ற மின்சுற்றுப் பலகை இந்தத் தடையை அளந்து டிகிரியாக மாற்றிக்கொள்கிறது. லித்தியம் அயான் செல்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எல்லைகள் மூன்று: 0 டிகிரிக்குக் கீழும் 45-க்கு மேலும் சார்ஜ் ஏற்றக் கூடாது, 60-க்கு மேல் மின்சாரம் எடுக்கக் கூடாது. எல்லை தாண்டினால் பி.எம்.எஸ். இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அதற்கு வேறு கண் கிடையாது, இந்த மணிதான் கண்.

ஒரு பேக்கை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட உருளைச் செல்கள் 112. எட்டெட்டாகப் பக்க இணைப்பில் சேர்த்து, அப்படிப் பதினான்கு கூட்டங்களைத் தொடராக இணைத்தது. சுமார் 50 வோல்ட், ஒரு யூனிட் மின்சாரம் பிடிக்கும். இந்த வண்டியில் இரண்டு பேர் சேலத்திலிருந்து ஏற்காட்டு மலைச்சாலையில் ஏறுகிறார்கள். மோட்டார் தொடர்ந்து 40 ஆம்பியர் இழுக்கிறது. ஒரு செல்லின் பங்கு 5 ஆம்பியர். ஓரளவு பழகிய செல்லின் உள்தடை 40 மில்லி ஓம் என்றால், ஆம்பியரின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க, செல்லுக்கு 1 வாட் வெப்பம் வருகிறது.

ஒரு வாட் என்பது கேட்கச் சிறியது. ஆனால் செல்லின் எடை 45 கிராம்தான். அதை ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 45 ஜூல் போதும். கால் மணி நேரத்தில் சேரும் 900 ஜூல், வெளியேற வழி இல்லாவிட்டால், செல்லை 20 டிகிரி உயர்த்திவிடும். வெளியேற வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஓரத்துச் செல்லுக்கு ஒரு பக்கம் பெட்டிச் சுவர் இருக்கிறது, அதற்கு அப்பால் ஓடும் காற்று இருக்கிறது. நடுச் செல்லுக்கோ நான்கு பக்கமும் அதே அளவு சூடான அண்டை வீட்டார். அதன் வெப்பத்தை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. ஆகவே 36 டிகிரியில் கிளம்பிய பேக்கின் நடுச் செல் 56-ஐ நெருங்கும்போது ஓரத்துச் செல் அதைவிட ஏழெட்டு டிகிரி குறைவாக இருப்பது சாதாரணம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. பானையில் கொதிக்கும் நீர் எல்லாச் சோற்றையும் ஒரே பதத்துக்குக் கொண்டுவருகிறது. பேக்கில் அப்படிக் கலக்கிவிட எதுவும் இல்லை.

மேலே போய்ச் சேர்ந்ததும் உடனே சார்ஜரைச் செருகுகிறார்கள். சென்சார் ஓரத்துச் செல்லில் இருந்தால், கொஞ்சம் ஆறி அது 44 காட்டும், பி.எம்.எஸ். சார்ஜை அனுமதிக்கும். நடுவில் இன்னும் 50-க்கு மேல். அன்றே எதுவும் வெடித்துவிடாது. ஆனால் தினமும் இப்படி நடந்தால் நடுச் செல்கள் மற்றவற்றைவிட விரைவில் கிழடு தட்டும். கிழடான செல்லின் உள்தடை கூடும். தடை கூடினால் அதே ஆம்பியருக்கு வெப்பமும் கூடும். இரண்டு வருடம் கழித்துப் பேக்கைப் பிரித்தால் ஓரத்துச் செல்கள் நன்றாகவும் நடுவில் உள்ளவை நைந்தும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஏழெட்டு டிகிரி வித்தியாசம் என்று தெரிந்த பிறகு எல்லையை 45-லிருந்து 38 ஆகக் குறைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அந்த வித்தியாசம் நிலையானது அல்ல. இரவு முழுக்க நின்ற வண்டியில் அது பூஜ்யம், மலையேறும்போது எட்டு, அடைமழையில் பெட்டிச் சுவர் குளிர்ந்துவிட்டால் இன்னும் அதிகம். கோடையில் சென்னையில் 38 டிகிரி வெயிலில் நின்ற வண்டி சார்ஜே ஏற மறுக்கும், உள்ளே எந்தத் தொந்தரவும் இல்லாதபோதும். தவறான இடத்தில் எடுத்த அளவைக் கூட்டிக் கழித்துச் சரிசெய்ய முடியாது.

அப்படியானால் நடுவில் ஒட்டினால் வேலை முடிந்ததா? சூட்டு எல்லைக்கு, ஆம். குளிர் எல்லைக்கு நேர்மாறு. உறையும் குளிரில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் செல்லுக்குள் உலோகப் படலமாகப் படியும். அது பிறகு கரையாமல் உள் மின்கசிவுக்கு வழி செய்யலாம். உதகையில் உறைபனி விழும் ஜனவரி விடியற்காலையில் முதலில் 0-க்கு இறங்குவது மூலைச் செல். ஆகவே சூட்டுக்கு நடு, குளிருக்கு மூலை என்று குறைந்தது இரண்டு சென்சார்கள் வேண்டும். பி.எம்.எஸ். இரண்டின் சராசரியைப் பார்க்கக் கூடாது என்பதும் முக்கியம். சூட்டு எல்லைக்கு அதிகமானதையும் குளிர் எல்லைக்குக் குறைவானதையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது இடம், மின்சாரம் முழுவதும் ஒன்றுசேர்ந்து வெளியே போகும் முனை. அங்கே 40 ஆம்பியரும் ஒரே இணைப்பைக் கடக்கிறது. திருகு தளர்ந்தோ பற்றவைப்பு பிசகியோ 5 மில்லி ஓம் தடை வந்துவிட்டால், அந்த ஒரு புள்ளியில் 8 வாட் வெப்பம். எட்டுச் செல்கள் சேர்ந்து தரும் வெப்பம் சுண்டுவிரல் நுனி அளவு இடத்தில்! செல்கள் எல்லாம் நலமாக இருக்கும்போதே பிளாஸ்டிக் உருகுவது இப்படித்தான்.

மலிவான பேக்குகளில் நான் அதிகம் கோபப்படுவது வேறொன்றுக்கு. பி.எம்.எஸ். பலகையிலேயே ஒரு சென்சார் பற்றவைக்கப்பட்டிருக்கும். அது மின்சாரத்தைத் துண்டிக்கும் மாஸ்பெட் சுவிட்சுகள் எரிந்துபோகாமல் காக்க வைத்தது. செல்லைத் தொடும் சென்சாரே வைக்காமல் இந்தப் பலகைச் சூட்டைத் திரையில் ‘பேட்டரி வெப்பநிலை’ என்று காட்டுகிறார்கள். பலகைச் சூடு பேட்டரிச் சூடு அல்ல.

இடம் சரியாக இருந்தும் ஒட்டிய விதத்தால் அளவு கெடுவதுண்டு. மணி செல்லின் உடலை நேராக, வெப்பம் கடத்தும் சிலிகான் பசையின் உதவியோடு தொட வேண்டும். வெறும் டேப் போட்டு ஒட்டினால் வண்டியின் அதிர்வில் ஒரு மில்லிமீட்டர் விலகும். பிறகு அது அளப்பது இடையில் உள்ள காற்றை. அதே சமயம் செல்லின் இரும்பு உடல் முழுவதும் எதிர்முனை என்பதை மறக்கக் கூடாது. கூரான மணியை அழுத்திச் செருகி மேலுறை கிழிந்தால், பாதுகாப்புக்கு வைத்த பொருளே குறுக்குச்சுற்றுக்குக் காரணமாகும்.

பழுது பார்க்கும் கடைகளில் நடக்கும் இன்னொரு பிசகு, அறுந்த தெர்மிஸ்டருக்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்த வேறொரு 10,000 ஓம் தெர்மிஸ்டரைப் போடுவது. 25 டிகிரியில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் தடை இறங்கும் வேகத்தைக் குறிக்கும் பீட்டா எண் ஒன்றுக்கு 3435, மற்றதற்கு 3950 என்று இருக்கும். 3950-க்கு எழுதிய பி.எம்.எஸ்.ஸில் 3435-ஐ மாட்டினால், செல் 60 டிகிரியில் இருக்கும்போது திரை 55 என்று காட்டும். அறை வெப்பத்தில் சோதித்தால் இந்தத் தவறு தெரியவே தெரியாது.

மூன்று நான்கு சென்சார்களை எவ்வளவு யோசித்து வைத்தாலும் ஒரு காரியம் அவற்றால் முடியாது. 112 செல்களில் ஏதோ ஒன்றுக்குள் குறுக்குச்சுற்று ஏற்பட்டால், அது கட்டுமீறிச் சூடாவது சில நொடிகளில் நடந்துவிடலாம். நாலைந்து செல் தள்ளியிருக்கும் சென்சாருக்கு அந்தச் செய்தி தாமதமாகத்தான் வரும். 2013 ஜனவரியில் பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸின் போயிங் 787 விமானத்தில் பேட்டரி தீப்பற்றியது. அதில் இருந்தவை எட்டே எட்டுப் பெரிய செல்கள். விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், செல்களின் வெப்பத்தை இன்னும் துல்லியமாக அளந்தால் ஓரிடத்தில் எழும் சூட்டை உரிய நேரத்தில் கண்டுகொள்ள உதவும் என்றது. எட்டுச் செல்லுக்கே அந்த நிலை. ஸ்கூட்டரில் செல்லுக்கு ஒரு சென்சார் வைப்பது கட்டுப்படியாகாது. அதனால் அந்த வேலையில் பாதியை வோல்ட் அளவீடு செய்கிறது. ஒவ்வொரு எட்டுச் செல் கூட்டத்தின் வோல்ட்டையும் பி.எம்.எஸ். தனித்தனியே பார்க்கிறது, வண்டி சும்மா நிற்கும்போது ஒரு கூட்டம் மட்டும் இரவுக்கு இரவு இறங்கினால் உள்ளே கசிவு என்று பொருள். 2022 கோடையில் நம் நாட்டில் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து எரிந்த பிறகு திருத்தப்பட்ட ஏ.ஐ.எஸ். 156 விதி, கட்டுமீறிய சூடு தொடங்கினால் ஒலியாலும் ஒளியாலும் ஓட்டுநரை எச்சரிக்க வேண்டும் என்கிறது. ஆள் விலகி நிற்க அவகாசம் தருவதே அதன் நோக்கம்.

சரியான இடத்தைத் தேர்ந்தெடுக்க ஊகம் தேவையில்லை. தயாரிப்பாளர்கள் ஒரு மாதிரிப் பேக்கில் பத்துப் பதினைந்து சென்சார்களை ஒட்டி, தாங்கக்கூடிய மிகப் பெரிய சுமையில் ஓட்டிப் பார்த்து, எது முதலில் உச்சத்தைத் தொடுகிறது என்று குறித்துக்கொண்டு, விற்பனைக்கு வரும் பேக்கில் அந்த இடங்களை மட்டும் வைத்துக்கொள்வார்கள். வெப்பக் கேமராவால் இதைச் செய்ய முடியாது. அது பெட்டியின் வெளித்தோலை மட்டுமே பார்க்கும். பெட்டியைத் திறந்தாலும் பளபளக்கும் நிக்கல் பட்டை அதற்கு உண்மையைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும்.

வாங்கியவர்கள் பெட்டியைத் திறக்காமலே ஓரளவு சோதிக்கலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் எல்லா சென்சார்களும் ஒன்றுக்கொன்று இரண்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மைனஸ் 40 என்று காட்டினால் அதன் கம்பி அறுந்திருக்கிறது. தடை எல்லையில்லாமல் போனதை பி.எம்.எஸ். கடுங்குளிர் என்று படிக்கிறது. அந்த நிலையிலும் வண்டி ஓட அனுமதித்தால் பி.எம்.எஸ். சரியில்லை. அடுத்த சோதனையை நல்ல ஏற்றம் ஒன்றில் ஓட்டி நிறுத்திய உடனே செய்யலாம். செல்லைத் தொடும் சென்சாரின் எண் சில நிமிடங்கள் அசையாமல் நிற்கும், ஓரத்தில் இருந்தால் ஒன்றிரண்டு டிகிரி ஏறவும் செய்யும், உள்ளே சேர்ந்த வெப்பம் அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருக்கும். நிறுத்தியதுமே எண் சரசரவென்று விழுந்தால் அது அளப்பது பலகையை அல்லது காற்றை. அப்படி இருந்தால் சார்ஜரைச் செருகும் முன் ஒரு மணி நேரம் வண்டியை நிழலில் நிறுத்தி வைப்பது நல்லது.