மடிப்பில் மறைந்த கழித்தல் குறி

போன மாதம் ஒரு மாலை, அக்கா மகள் தன் திருப்புதல் தேர்வு வினாத்தாளைக் கைப்பேசியில் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு. பகுமுறை வடிவியலிலிருந்து பரவளையத்துக்கு ஒரு வினா, நீள்வட்டத்துக்கு ஒரு வினா. தாளை மேசையில் போட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாய்வாக எடுத்த படம் அது. தாளின் நடுவில் இருந்த மடிப்பு சரியாக முதல் சமன்பாட்டின் மேல் ஓடியது. அதற்குக் கீழே அச்சாகியிருந்த ஆங்கில வடிவம் படத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தது.

"முனை (−3, 2), குவியம் (−5, 2)னு வருது மாமா, சரியா?" என்று கேட்டிருந்தாள். நான் போட்டுப் பார்த்தேன். எனக்கு முனை (3, 2), குவியம் (5, 2) என்று வந்தது. அவள் செய்த வழியை ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். ஓரிடத்திலும் பிழை இல்லை. என் வழியிலும் இல்லை. நான் படித்த சமன்பாடு

y² − 4y − 8x + 28 = 0

அவள் படித்ததில் 8xக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தது. மடிப்பின் நிழல் ஒரு சிறு கோட்டைக் குறுக்கே வெட்டி, கழித்தலைக் கூட்டல் போலக் காட்டியிருந்தது.

இந்த வகைச் சமன்பாட்டைப் பார்த்ததும் கவனிக்க வேண்டியது, எந்த மாறிக்கு வர்க்கம் இருக்கிறது என்பது. இங்கே yக்கு மட்டும்தான் வர்க்கம், xக்கு இல்லை. ஆகவே இது பரவளையம், அதன் அச்சு கிடைக்கோடு. வளைவரை வலப்பக்கம் திறக்கலாம் அல்லது இடப்பக்கம் திறக்கலாம். மேலேயோ கீழேயோ திறக்காது. அடுத்து y உறுப்புகளை ஒரு பக்கம் வைத்து மற்றவற்றை மறுபக்கம் தள்ளினால் y² − 4y = 8x − 28. இடப்பக்கத்தை முழு வர்க்கமாக்க 4 தேவை. இரண்டு பக்கமும் 4ஐக் கூட்டினால்

(y − 2)² = 8(x − 3)

அவ்வளவுதான். முனை (3, 2) என்று அந்த வரியிலேயே எழுதியிருக்கிறது. அச்சு y = 2 என்ற கோடு.

குவியத்தை மட்டும் நேரடியாக அந்த வரியில் காண முடியாது. பாடப்புத்தகம் இதை y² = 4ax என்ற வடிவத்தோடு ஒப்பிடச் சொல்கிறது: 4a = 8, ஆகவே a = 2, முனையிலிருந்து இரண்டு அலகு தள்ளி (5, 2). மாணவர்கள் இதை மனப்பாடமாகச் செய்துவிடுகிறார்கள். ஆனால் அந்த 8 வெறும் கெழு அல்ல, வரைபடத்தில் அளக்கக்கூடிய ஒரு நீளம். குவியம் இருக்கும் x = 5ஐச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். (y − 2)² = 16. y = 6 அல்லது −2. மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி, இரண்டுக்கும் இடையே 8. குவியத்தின் வழியாகச் செங்குத்தாக வெட்டும்போது வளைவரைக்கு என்ன அகலமோ, அதுதான் அந்த எண். செவ்வகலம் என்று நாம் சொல்வது இதைத்தான். குவியத்திலிருந்து அந்த அகலத்தில் நான்கில் ஒரு பங்கு தூரத்தில் முனை இருக்கிறது.

ஏன் நான்கில் ஒரு பங்கு? பரவளையத்தின் எந்தப் புள்ளியும் குவியத்திலிருந்து எவ்வளவு தூரமோ, இயக்குவரையிலிருந்தும் அவ்வளவே தூரம். இங்கே இயக்குவரை x = 1. முனை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இந்தப் பக்கம் 2, அந்தப் பக்கம் 2. குவியத்துக்கு நேர் மேலே உள்ள (5, 6) என்ற புள்ளி இயக்குவரையிலிருந்து 4 அலகு தூரத்தில் இருப்பதால், குவியத்திலிருந்தும் 4 அலகு உயரத்தில் இருந்தே ஆக வேண்டும். கீழேயும் அதே 4. இரண்டும் சேர்ந்து 8. சூத்திரம் மறந்துபோன மாணவர்கூட இந்த ஒரு சம தூரத்தை நினைவில் வைத்திருந்தால் விடையை மீட்டுவிடலாம்.

ஊட்டி அருகே முத்தோரையில் ஒரு மலைச்சரிவில் நிற்கும் ரேடியோ தொலைநோக்கியில் குவியத்தைக் கண்ணால் காணலாம். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் கொண்ட அந்த எதிரொளிப்பானை எங்கே குறுக்காக வெட்டினாலும் பரவளையம்தான் கிடைக்கும். அதனால் அங்கே குவியம் ஒரு புள்ளியாக இல்லாமல் நீண்ட கோடாக ஓடுகிறது. அந்தக் கோட்டில் 1056 சிறு ஆன்டெனாக்களை வரிசையாகப் பொருத்தியிருக்கிறார்கள். அச்சுக்கு இணையாக வந்து விழும் அலைகள் எல்லாம் அந்தக் கோட்டில்தான் வந்து சேரும்.

மடிப்பு விஷயத்துக்கு வருகிறேன். இத்தகைய வினாக்களில் விடை பின்னமாக, அசிங்கமாக வந்தால் எங்கோ தவறு என்று நாம் சந்தேகப்படுவோம். அந்தச் சந்தேகம் ஓரளவுக்கு உதவும். 28ஐ 23 என்று படித்திருந்தால் முனை (19/8, 2) என்று வந்திருக்கும்; உடனே எண்ணை மறுபடி பார்த்திருப்போம். குறி மாறினால் இந்த எச்சரிக்கை ஒலிக்காது. 8xஇன் குறியை மாற்றிப் படிப்பது, முழு வளைவரையையும் y அச்சுக்கு அந்தப்புறம் கண்ணாடியில் காட்டுவது போன்றது. எண்கள் எல்லாம் அப்படியே சுத்தமாக இருக்கும். இடப்பக்கம் திறக்கும் இன்னொரு பரவளையம் கிடைக்கும். 4yஇன் குறி மாறினால் முனை (3, −2)க்கு இறங்கும். அதுவும் சுத்தமான விடைதான். அக்கா மகள் ஏமாந்தது இங்கேதான். அவள் இடத்தில் யாரும் ஏமாந்திருப்பார்கள்.

அந்த வினாவின் இரண்டாம் பகுதி எங்களைக் காப்பாற்றியது. "(5, 6) என்ற புள்ளியில் தொடுகோட்டின் சமன்பாடு காண்க" என்று கேட்டிருந்தார்கள். அந்தப் புள்ளி வளைவரையின் மேல் இருக்க வேண்டுமே! கழித்தல் குறியோடு போட்டால் 36 − 24 − 40 + 28, சரியாகப் பூஜ்யம். கூட்டல் குறியோடு போட்டால் 80. சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. அப்படி ஒரு துணைப் புள்ளி வினாவில் இல்லையென்றால், தாளைத் திரும்பப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கணக்கு முறை எவ்வளவு சரியாக இருந்தாலும் மறைந்த குறியை அது மீட்டுத் தராது.

இரண்டாவது வினா நீள்வட்டம்:

25x² + 9y² − 50x + 36y − 164 = 0

இரண்டு மாறிக்கும் வர்க்கம் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே குறி, ஆனால் கெழுக்கள் வேறு. ஆகவே நீள்வட்டம். இங்கேயும் வர்க்கப் பூர்த்திதான். ஆனால் ஒரு குழி இருக்கிறது. 25(x² − 2x) என்று எடுத்து உள்ளே 1ஐச் சேர்க்கும்போது, உண்மையில் சேர்வது 1 அல்ல, 25. அதேபோல 9(y² + 4y)க்குள் 4ஐச் சேர்த்தால் சேர்வது 36. வலப்பக்கம் 164 + 25 + 36 = 225. அடைப்புக்குள் சேர்த்ததை வெளியே பெருக்க மறந்தால் வலப்பக்கம் 169 என்று நின்றுவிடும். 169 முழு வர்க்கம் என்பதால் பார்ப்பதற்கு நம்பும்படியே இருக்கும். 25ஆலும் 9ஆலும் வகுக்கும்போதுதான் அது மீதியில்லாமல் வகுபடாது என்று தெரியும். 225 இரண்டாலும் வகுபடுகிறது:

(x − 1)²/9 + (y + 2)²/25 = 1

மையம் (1, −2). பெரிய எண் 25, அது yக்குக் கீழே இருக்கிறது. ஆகவே நெட்டச்சு செங்குத்தாக நிற்கிறது, x = 1 என்ற கோட்டின் மேல். a = 5, b = 3. குவியம் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதற்கு 25 − 9 = 16, அதன் வர்க்கமூலம் 4. குவியங்கள் (1, 2), (1, −6). முனைகள் (1, 3), (1, −7).

தொடக்கச் சமன்பாட்டில் 25 என்ற பெரிய கெழு x²உடன் இருந்தது. வகுத்த பிறகு பெரிய எண் yக்குக் கீழே போய்விட்டது. இந்த இடமாற்றத்தைக் கவனிக்காமல் நெட்டச்சைக் கிடையாகப் போட்டு, குவியங்களை (5, −2), (−3, −2) என்று எழுதும் மாணவர்கள் நிறைய உண்டு. அந்தத் தவறைப் பிடிக்க நீள்வட்டமே வழி தருகிறது. அதன் எந்தப் புள்ளியிலிருந்தும் இரண்டு குவியங்களுக்கும் உள்ள தூரங்களைக் கூட்டினால் ஒரே எண் வர வேண்டும். முனை (1, 3)இலிருந்து சரியான குவியங்களுக்கு 1, 9. கூட்டினால் 10. பக்கவாட்டில் உள்ள (4, −2)இலிருந்து 5, 5. அதுவும் 10. தவறான குவியங்களை வைத்துச் செய்தால் (4, −2)இலிருந்து 1 + 7 = 8 வரும்; (1, 3)இலிருந்து ஏறத்தாழ 12.8 வரும். இரண்டு புள்ளிகள், நான்கு தூரங்கள், அரை நிமிடம்.

படம் மங்கலாக இருந்து 164க்கு முன்னுள்ள கழித்தல் கூட்டலாகத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வலப்பக்கம் −103 வந்திருக்கும். இரண்டு வர்க்கங்களின் கூடுதல் எதிர்ம எண்ணாக முடியாது. அப்படி ஒரு வளைவரையே கிடையாது. பரவளையத்தில் மௌனமாக இருந்த குறிப்பிழை இங்கே தன்னையே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அன்று அக்கா மகள் கடைசியாகக் கேட்டதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வினாத்தாளில் வேறொரு வினாவுக்கு மேல்நோக்கித் திறக்கும் ஒரு பரவளையம் அச்சாகியிருந்தது. "போட்டோவுல பார்த்தா ரெண்டு கையும் மேல மூடிக்கிற மாதிரி இருக்கே மாமா, நீள்வட்டம் மாதிரி?" என்றாள். அவள் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. நீண்டு செல்லும் தண்டவாளங்கள் தூரத்தில் நெருங்குவது போலத் தெரிகின்றன அல்லவா? முனையின் பக்கமிருந்து தாளைச் சாய்வாகப் படமெடுக்கும்போது, தூரம் போகும் இரண்டு கைகளும் அப்படித்தான் நெருங்குகின்றன. பரவளையத்தை முடிவில்லாமல் ஒரு பெரிய சமவெளியில் வரைந்து, முனைக்குப் பின்னால் நின்று அச்சின் திசையில் படமெடுத்தால், படத்தில் அது தொடுவானத்தைத் தொடும் முழு நீள்வட்டமாகவே விழும். அவள் கையில் இருந்தது அந்த நீள்வட்டத்தின் ஒரு துண்டு.

வளைவரை இன்னொரு கூம்பு வளைவாக மாறிவிடுகிறது. ஆனால் குவியம் குவியமாகப் போய்ச் சேர்வதில்லை. தாளில் ஒரு வட்டம் இருந்தால் அது படத்தில் நீள்வட்டமாகும். வட்டத்தின் மையம் அந்த நீள்வட்டத்தின் மையத்தில் விழாது, கேமராவிலிருந்து சற்று அதிக தூரத்தில் விழும். கிட்ட இருக்கும் பாதி பெரிதாகவும் தூரத்துப் பாதி சிறிதாகவும் தெரிவதுதான் காரணம். சாய்வாக எடுத்த படத்தில் அளவுகோல் வைத்து முனையையோ குவியத்தையோ குறிப்பவர் வேறொரு வளைவரையின் புள்ளிகளையே குறிக்கிறார்.

எழுத்தும் எண்ணும் எவ்வளவு சாய்ந்தாலும் சமன்பாடு மாறுவதில்லை, அதன் குறிகள் தெளிவாகத் தெரியும்வரை. எனவே வினாத்தாளை யாருக்காவது அனுப்புகிறவர்கள் மடிப்பை நீவிவிட்டு, கைப்பேசியைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டு வடிவமும் படத்தில் இருக்கட்டும். சமன்பாட்டைக் கையால் ஒருமுறை எழுதி, கூட்டல் கழித்தல் குறிகளோடு கூடவே அனுப்புங்கள்.