அறுபத்தாறு வெள்ளிக்கு லேசர் பிரிண்டர்

2003 ஜனவரி 8ஆம் தேதி. சிங்கப்பூரில் கணினிப் பொருட்களை இணையத்தில் விற்றுவந்த டிஜிலேண்ட் நிறுவனத்தில், விலைகளை ஏற்றும் படிவத்தைப் பற்றி ஊழியர்களுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பழகிப் பார்ப்பதற்காக ஒரு மாதிரிப் படிவத்தின் விலைக் கட்டங்களில் 66 என்று நிரப்பியிருந்தார்கள். அந்தப் படிவம் கைத்தவறி உண்மையான கடையிலேயே ஏறிவிட்டது. 3,854 வெள்ளி விலையுள்ள எச்.பி. கலர் லேசர் பிரிண்டர் 66 வெள்ளிக்கு விற்பனைக்கு வந்தது. (சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலரை வெள்ளி என்பார்கள், நாமும் அப்படியே சொல்வோம்.)

ஐந்து நாள் இதை யாரும் கவனிக்கவில்லை. 13ஆம் தேதி காலையில் கண்டுபிடித்து விலையை நீக்குவதற்குள் 784 பேர் 4,086 பிரிண்டர்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். அன்றே அவர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் போனது. விலை தவறுதலாகப் பதிவாகிவிட்டது, அதனால் இந்த ஆர்டர்களை நிறைவேற்றப் போவதில்லை என்பதுதான் அதன் சாரம்.

இப்படியொரு அறிவிப்பு வந்தால் யாருக்கும் கோபம் வரும். ஆர்டர் உறுதியாகிவிட்டது என்று செய்தி அனுப்பிவிட்டு, அப்புறம் இல்லை என்றால் எப்படி? அந்த 784 பேரில் ஆறு பேர் இந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார்கள். ஆறு பேரும் சேர்ந்து கேட்டிருந்தது 1,606 பிரிண்டர்கள். அவற்றின் உண்மையான மதிப்பு 61,89,524 வெள்ளி. அவர்கள் கொடுக்க வேண்டியிருந்ததோ 1,05,996 வெள்ளி.

வழக்கின் முதல் பாதி வாங்குபவர்களுக்குச் சாதகமாகவே போனது. பொதுவாகக் கடையில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டு, சட்டத்தின் பார்வையில், ‘வந்து கேளுங்கள்’ என்ற அழைப்பு மட்டுமே. நாம் ஆர்டர் கொடுப்பதுதான் முன்மொழிவு. அதைக் கடைக்காரர் ஏற்றுக்கொண்டால்தான் ஒப்பந்தம் உருவாகும். இங்கே ஆர்டர் கொடுத்த சில நிமிடங்களில் கணினி தானாகவே உறுதிச் செய்தியை அனுப்பிவிட்டது. அது இயந்திரம் அனுப்பியது, மனிதர் யாரும் பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அப்படி அனுப்பும்படி கணினியை அமைத்து வைத்தவர் விற்பவர்தானே. ஆகவே மேலோட்டமாகப் பார்த்தால் ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டது என்றே வழக்கை விசாரித்த வி.கே. ராஜா கருதினார்.

ஆனாலும் ஆறு பேரும் தோற்றார்கள். காரணம், அவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்பதற்கு அவர்களே சாட்சி வைத்திருந்தார்கள். ஆர்டர்கள் போனது நள்ளிரவு தாண்டிய நேரத்தில். அப்போது நண்பர்களுக்குள் கணினியில் நடந்த அரட்டை நீதிமன்றத்துக்கு வந்தது. அந்த பிரிண்டர் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது, வாங்கி மறுபடி விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்றெல்லாம் அதில் பேசியிருந்தார்கள். சரியான விலை என்ன என்று இணையத்தில் தேடியதும் தெரியவந்தது. விலை தவறு என்று தெரிந்துகொண்டே, திருத்துவதற்குள் அள்ளிவிடலாம் என்று முந்தியவர்களுக்கு அந்த ஒப்பந்தம் செல்லாது என்பது 2004 ஏப்ரலில் வந்த தீர்ப்பு. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2005 ஜனவரியில் அதை உறுதி செய்தது.

இந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதைக் காட்டி, தவறான விலை போட்ட எந்த விற்பனையாளரும் பின்வாங்கலாம் என்று நினைப்பது சரியல்ல. இங்கே விற்பவரைக் காப்பாற்றியது அவர் செய்த தவறு அல்ல. அதை எதிர்த் தரப்பு அறிந்திருந்தது என்பதுதான். வாங்குபவருக்கு அது தெரியாது, தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை என்றால் கதை மாறும்.

அப்படி மாறிய கதையும் உண்டு. 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் கோடாக் நிறுவனத்தின் இணையக் கடையில் 329 பவுண்டு கேமரா ஒன்று 100 பவுண்டு என்று பதிவாகியிருந்தது, அதுவும் சிறப்புச் சலுகை என்ற பெயரில். புத்தாண்டு நேரம், பெரிய நிறுவனம், சலுகை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பார்த்தவர் நம்பி வாங்கியதில் வியப்பென்ன? முதலில் கோடாக்கும் விலை தவறு என்று சொல்லி மறுத்தது. வாங்கியவர்கள் கையில் உறுதிச் செய்தி இருந்தது, அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் நிறுவனமே இறங்கிவந்து, அதே 100 பவுண்டுக்குக் கேமராக்களைக் கொடுக்க ஒப்புக்கொண்டது.

மூன்றில் ஒரு பங்கு விலை சலுகையாக இருக்கலாம். அறுபதில் ஒரு பங்கு விலை அப்படி இருக்க முடியாது. வாங்கிய எண்ணிக்கையும் பேசும். வீட்டுக்கு ஒன்று வாங்கியவரையும், நூறு நூறாக அடுக்கியவரையும் எந்த நீதிபதியும் ஒரே கண்ணால் பார்க்கமாட்டார்.

இவற்றிலிருந்து விற்பவர்களும் பாடம் கற்றுக்கொண்டார்கள். இப்போது பல இணையக் கடைகளின் நிபந்தனைகளில் ஒரு வரி இருக்கும்: உங்கள் ஆர்டர் கிடைத்தது என்று வரும் செய்தி ஏற்பு ஆகாது, பொருளை அனுப்பும்போதுதான் ஒப்பந்தம் உண்டாகும். அதனால் தவறான விலை அறிவிப்பு பெரும்பாலும் பொருள் கிளம்புவதற்கு முன்பே வந்துவிடுகிறது. வந்ததும் நாம் பார்க்க வேண்டியது அது எந்த நேரத்தில் வந்தது என்பதைத்தான். பொருள் அனுப்பியாயிற்று என்ற செய்திக்குப் பிறகு வந்திருந்தால், அந்த வரியே நம் பக்கம் நிற்கும்.

அறிவிப்பு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் அதில் எந்தப் பொருள், எந்த ஆர்டர் எண், போட்டிருந்த விலை என்ன, சரியான விலை என்ன என்பது தெளிவாக இருக்கும். விற்பவர் செய்யப்போவதும் சொல்லப்பட்டிருக்கும். ஆர்டரை அவரே ரத்து செய்து, கட்டிய தொகை முழுவதையும் கட்டிய வழியிலேயே திருப்புவது பொதுவான நடைமுறை. விரும்பினால் சரியான விலைக்கோ, கொஞ்சம் குறைத்தோ வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் கூடவே எழுதுவார்கள். அது வெறும் அழைப்புதான். பதில் சொல்லாமல் இருந்தாலே மீதித் தொகை கழிக்கப்படும் என்று எழுதியிருந்தால் உடனே எழுத்தில் மறுத்துவிடுங்கள். பணத்தைத் திருப்ப வங்கி விவரமோ ஓ.டி.பி.யோ கேட்கும் அறிவிப்பு வந்தால், அதிலுள்ள இணைப்பைத் தொடாமல் கடையின் செயலியைத் திறந்து ஆர்டர் பக்கத்தைப் பாருங்கள். உண்மையான ரத்து அங்கே பதிவாகியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல விற்பனையாளர்கள் கடை விரித்திருக்கும் பெரிய தளங்களில், விற்பவர் ரத்து செய்யும் ஆர்டர்கள் அவருடைய கணக்கில் குறையாக ஏறும். அதனால் சிலர் போனில் அழைத்து, “விலை தப்பா போட்டுட்டோம், கொஞ்சம் நீங்களே கேன்சல் பண்ணிடுங்க” என்று கெஞ்சுவார்கள். இரக்கப்பட்டு அழுத்திவிட்டால், வேண்டாம் என்றது நீங்கள் என்றுதான் பதிவாகும். பிறகு விலையைப் பற்றி வாதாட இடமே இருக்காது. விலை தெரியும் பக்கத்தையும் உறுதிச் செய்தியையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ரத்து செய்வதை எழுத்தில் தெரிவிக்குமாறு அவரிடம் கேளுங்கள். ‘விற்பனையாளர் ரத்து செய்தார்’ என்ற வரி ஆர்டர் பக்கத்தில் வரும்வரை அந்தப் பொத்தானைத் தொட வேண்டாம்.