வினைக்கு முன்னா, பின்னா? இத்தாலியன் ஏவலின் மரியாதைக் கணக்கு

1975இல் வெளிவந்த 'ஃபந்தோத்ஸி' என்ற இத்தாலிய நகைச்சுவைப் படத்தில் ஒரு டென்னிஸ் காட்சி வரும். ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் இருவர் விடியற்காலைப் பனிமூட்டத்தில் ஆடுகிறார்கள். சர்வீஸ் போடச் சொல்லும்போது ஒருவர் 'பத்தி' என்கிறார். ஃபந்தோத்ஸிக்குத் திகைப்பு: என்ன, நம்மை ஒருமையில் கூப்பிடுகிறாரே! சொன்னவர் பதறி, அதே 'பத்தி'யோடு 'நீங்கள்' என்ற பொருள் தரும் 'லெய்' சேர்த்துத் திரும்பச் சொல்கிறார். ஏறக்குறைய "போடு நீங்கள்" என்பது போல. சரியான மரியாதை வடிவம் 'பத்தா'. கடைசி உயிரெழுத்து ஒன்று மாறினால் போதும். அது மாறாததுதான் நகைச்சுவை.

ஆங்கிலத்திலிருந்து இத்தாலியனுக்கு மொழிபெயர்ப்பவர்கள் அன்றாடம் இடறும் இடமும் இதுவே. ஆங்கிலத்தின் 'யூ'வுக்கு நீ, நீங்கள் என்ற பேதம் இல்லை. இத்தாலியனில் நெருங்கியவருக்கு 'தூ', மரியாதைக்கு 'லெய்', பலருக்கு 'வோய்' என்று தேர்ந்தே ஆக வேண்டும். அந்தத் தேர்வு ஏவல் வினையின் கடைசி எழுத்தை மட்டும் மாற்றுவதில்லை. கூட வரும் 'எனக்கு', 'அதை' போன்ற சிறு சொற்கள் உட்காரும் இடத்தையும் மாற்றிவிடுகிறது.

நண்பனிடம் "அதை எனக்குக் கொடு" என்று சொல்ல ஒரே சொல் போதும்: 'தம்மேலோ'. முதல் எழுத்தை 'தயவு' என்பதில் வரும் த போல உச்சரிக்க வேண்டும். 'தா' என்றால் கொடு (நம் 'தா'வை ஒத்திருப்பது தற்செயல், இது லத்தீனிலிருந்து வந்தது). 'மி' என்றால் எனக்கு, 'லோ' என்றால் அதை. இரண்டும் அடுத்தடுத்து வரும்போது 'மி' என்பது 'மே' ஆகிவிடும். முதலில் 'எனக்கு', பிறகு 'அதை' என்ற வரிசை மாறவே கூடாது.

நடுவில் மகரம் ஏன் இரட்டித்தது? இத்தாலியனில் சில ஓரசைச் சொற்கள் தமக்கு அடுத்து வரும் மெய்யை அழுத்திவிடும். தமிழில் 'அந்த' என்பதற்குப் பின் வல்லினம் மிகுவதைப் போன்ற சங்கதி. பெரும்பாலும் இது பேச்சில் மட்டும் கேட்கும். ஏவலில் எழுத்திலேயே நிலைத்துவிட்டது. 'சொல்' என்ற பொருளுள்ள 'தி'யோடு சேர்ந்தால் 'திம்மேலோ', "அதை எனக்குச் சொல்". ஸ்பானிஷ் படித்துவிட்டு வருபவர்கள் ஒற்றை மகரத்தோடு எழுதுவதைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். அந்த மொழியில் இதே சொல்லுக்கு ஒரு மகரம்தான்.

இனி ஓர் அலுவலக வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: 'ப்ளீஸ் செண்ட் இட் டு மி பை ஃப்ரைடே'. அனுப்புதலுக்கு இத்தாலியனில் 'மந்தாரே' என்ற வினை. கூட வேலை பார்க்கும் தோழிக்கு எழுதினால் 'மாந்தமேலோ'. வினை, எனக்கு, அதை என்ற மூன்றும் ஒட்டிக்கொண்டன. ஆனாலும் அழுத்தம் வினையின் முதல் அசையிலேயே நிற்கும். சொல் நீண்டுவிட்டதே என்று பின்னால் தள்ளினால் கேட்பவர் முகம் சுளிப்பார்.

அதே வாக்கியம் அறிமுகமில்லாத ஒரு வாடிக்கையாளருக்கு என்றால் 'மே லோ மாந்தி'. சிறு சொற்கள் இரண்டும் பிரிந்து, வினைக்கு முன்னால் போய்விட்டன. வினையின் ஈறும் மாறிவிட்டது. காரணம், இது பிறப்பால் ஏவலே அல்ல. 'லெய்' என்பதன் நேர்ப்பொருள் 'அவள்'. உயர்ந்தோரைப் பழைய காலத்தில் 'தங்கள் பெருந்தகைமை' என்ற பொருளுள்ள பெண்பால் சொல்லால் குறித்ததன் மிச்சம் அது. ஆக மரியாதை வடிவம் படர்க்கையில் "அனுப்பட்டும்" என்று விழையும் வினை. அப்படிப்பட்ட வினைக்கு இத்தாலியனில் சிறு சொற்கள் முன்னால்தான் வரும். மரியாதை காட்டுகிறோம் என்று 'மாந்தி'யின் பின்னால் அவற்றை ஒட்டுவதுதான் புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் பிழைகளிலேயே பெரியது.

சிக்கல் இதோடு முடியவில்லை. 'மே லோ மாந்தி' என்பதன் முடிவில் கேள்விக்குறி போட்டால், அது தோழியிடம் "அனுப்புறியா?" என்று இதமாகக் கேட்பதாகிவிடும். இந்த வகை வினைகளில் 'நீ'க்கு உரிய நிகழ்கால வடிவமும், 'நீங்கள்'க்கு உரிய மரியாதை ஏவலும் ஒரே எழுத்தில் முடிவதால் வந்த வினை இது. மறுபுறம், 'மே லோ மாந்தா' என்று கேள்வியாகக் கேட்டால் "அனுப்புகிறீர்களா?" என்று மரியாதையாகக் கேட்பது. எதிரில் இருப்பவர் நண்பரா வாடிக்கையாளரா என்பது ஓர் உயிரெழுத்திலும் ஒரு குறியிலும் அடங்கியிருக்கிறது. மின்னஞ்சலில் கேள்விக்குறியை விட்டுவிட்டால் தோழிக்குத் திடீரென்று பன்மை மரியாதை போய்ச் சேரும்.

'ப்ளீஸ்' இதையெல்லாம் சரிசெய்யாதா? செய்யாது. 'பெர் ஃபவோரே' என்று தயவை எத்தனை முறை சேர்த்தாலும் 'மாந்தமேலோ' ஒருமைதான். தமிழில் "தயவுசெய்து அனுப்புடா" என்றால் 'டா' மறைந்துவிடுகிறதா என்ன! அதே நேரம், 'தம்மேலோ' என்பது தன்னளவில் முரட்டுச் சொல்லும் அல்ல. அம்மா பிள்ளையிடமும், நண்பன் நண்பனிடமும் சாதாரணமாகச் சொல்வது. ஆங்கிலத்தில் மொட்டையாகத் தெரியும் கட்டளை இங்கே நெருக்கமாகவும் ஒலிக்கலாம்.

உண்மையில் இத்தாலியர்கள் குரலைத் தணிக்கக் கையாளும் வழி வேறு: கட்டளையைக் கேள்வியாக்குவது. தோழியிடம் மேற்சொன்ன "அனுப்புறியா?" வடிவமே மிகச் சகஜம். மேலதிகாரியிடம் 'பொத்ரெப்பே மந்தார்மேலோ', "அனுப்ப இயலுமா?" என்பார்கள். இங்கே சிறு சொற்கள் மறுபடி பின்னால் ஒட்டிக்கொண்டதைக் கவனிக்கலாம். மரியாதை 'பொத்ரெப்பே'யில் இருக்கிறது. ஒட்டிக்கொண்டது 'மந்தாரே' என்ற வினைப்பெயரோடு. வினைப்பெயர் கடைசி உயிரை உதிர்த்துவிட்டு ஒட்டுகளை ஏற்கும். ஆகவே 'ஒட்டினால் ஒருமை' என்று குருட்டு விதி வைத்துக்கொள்ள முடியாது. ஒட்டியிருப்பது ஏவலோடா, வினைப்பெயரோடா என்று பார்க்க வேண்டும்.

எதிர்மறையில் இதே வினைப்பெயர்தான் ஏவலாகவும் நிற்கும். "எனக்கு அதை அனுப்பாதே" என்பதை 'நோன் மந்தார்மேலோ' என்றும் சொல்லலாம், சிறு சொற்களை முன்னிறுத்தி 'நோன் மே லோ மந்தாரே' என்றும் சொல்லலாம். இரண்டும் சரி, இரண்டும் ஒருமை. மரியாதைக்கோ ஒரே வழி: 'நோன் மே லோ மாந்தி'.

இந்த 'லெய்'யை அரசியலும் ஒரு முறை அசைத்துப் பார்த்தது. 1938இல் முசோலினியின் ஃபாசிஸ்ட் ஆட்சி அதை அடிமைத்தனமான, அயல் பழக்கம் என்று சாடி, 'வோய்' என்றே சொல்ல வேண்டும் என்று இயக்கம் நடத்தியது. 'லெய்' என்ற பெயரில் வந்த பெண்கள் பத்திரிகை 'அன்னாபெல்லா' என்று பெயர் மாற வேண்டியதாயிற்று, அங்கே அந்தச் சொல்லுக்கு 'அவள்' என்ற பொருள்தான் என்றாலும். ஆட்சி விழுந்ததும் 'லெய்' திரும்பிவிட்டது. ஒருவரை மரியாதையாக 'வோய்' என்பது இன்று பெரும்பாலும் தென்பகுதிப் பேச்சில் கேட்கிறது.

யார் படிப்பார்கள் என்றே தெரியாத வாசகங்களில் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்? கதவில் எழுதும் 'தள்ளு', 'இழு', சமையல் குறிப்பின் 'சேர்க்கவும்', இயந்திரத் திரையின் 'எண்ணை உள்ளிடவும்' எல்லாவற்றுக்கும் வினைப்பெயரையே போட்டு நீ, நீங்கள் இரண்டையும் தாண்டிவிடுவார். இளைஞர்களுக்கான செயலியில் 'தூ' ஏவல் தாராளமாக வரும். வாடிக்கையாளருக்குப் பெயரிட்டு எழுதும் கடிதத்தில் மட்டும் தப்பிக்க வழியில்லை. அங்கே முதல் வரியில் 'லெய்' என்று தொடங்கினால் கடைசி வரிவரை ஒவ்வொரு வினையீற்றையும், ஒவ்வொரு சிறு சொல்லின் இடத்தையும் சரிபார்த்துத்தான் அனுப்ப வேண்டும்.