வெள்ளைச் சட்டையில் பழுப்புக் கறை. ஸ்டீம் அயர்ன் பாக்ஸ் ஒழுகுவது ஏன்? கோவைவாசிகள் கவனத்துக்கு!

அவசரமாகக் கிளம்பும் நேரத்தில் வெள்ளைச் சட்டையை விரித்து ஸ்டீம் பட்டனை அழுத்தினால், ஆவியோடு சேர்ந்து பழுப்பு நிறத் தண்ணீரும் தெறிக்கிறதா? பெட்டி பழுதாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிப் போவதற்கு முன், அதில் எந்தத் தண்ணீரை ஊற்றினோம் என்று யோசித்துப் பாருங்கள்.

கோவையில் பல வீடுகளில் இரண்டு விதத் தண்ணீர் உண்டு. குடிக்க சிறுவாணி அல்லது பில்லூர் தண்ணீர், புழங்க போர்வெல் சப்பைத் தண்ணி. கைக்கு எட்டும் குழாயில் வருவது பெரும்பாலும் இந்தச் சப்பைத் தண்ணிதான்.

பெட்டியின் தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சூடான அடித்தகட்டுக்குள் விழுந்து ஆவியாகிறது. ஆவி வெளியே போய்விடும், அதில் கரைந்திருந்த உப்பு உள்ளேயே தங்கிவிடும். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியில்லை என்றால் 600 வரை அனுமதி. அந்த 600 அளவுத் தண்ணீரை 250 மி.லி. தொட்டியில் ஒருமுறை நிரப்பினால் 150 மில்லிகிராம் உப்பு. 20 முறை நிரப்பினால் 3 கிராம்! அந்தச் சின்னத் துளைகளுக்கு இது ரொம்பவே அதிகம். இந்தப் படிவு தூசி, கஞ்சிப் பசை, தண்ணீரிலுள்ள இரும்போடு சேர்ந்து சூட்டில் காய்ந்து பழுப்பாகித் துணியில் விழுகிறது.

சரி, சுத்தமான தண்ணீரே ஒழுகினால்? எப்போது ஒழுகுகிறது என்று பாருங்கள். சுவிட்ச் போட்டதும் மட்டும் ஒழுகினால் சூடு போதவில்லை. இரண்டு அல்லது மூன்று புள்ளி அளவில் வைத்து, விளக்கு அணைந்த பிறகே ஸ்டீமைத் திறக்க வேண்டும். ஊற்றும் வாய்ப் பக்கம் கசிந்தால் மேக்ஸ் கோட்டைத் தாண்டி ஊற்றியிருக்கிறோம். ஸ்டீமை மூடி வைத்தும் அடியில் சொட்டினால், வால்வில் உப்பு சிக்கி அது சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம்.

செல்ஃப் கிளீன் வசதி உள்ள பெட்டி என்றால் மேக்ஸ் கோடு வரை நல்ல தண்ணீர் ஊற்றி, முழுச் சூட்டில் விளக்கு அணையும் வரை வையுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, சிங்க் மேல் படுக்கை வாக்கில் பிடித்து, அந்தப் பட்டனை அழுத்தியபடி லேசாக ஆட்டுங்கள். கொதிநீரும் துகள்களும் கொட்டும், கை பத்திரம்! மறுபடி சூடாக்கி ஒரு பழைய துணியில் தேயுங்கள். கறை விழுந்தால் இன்னொரு முறை செய்யலாம். வினிகர் ஊற்றச் சொல்லும் யூடியூப் டிப்ஸ் வேண்டாம். பல கம்பெனிகளின் கையேட்டிலேயே அதற்குத் தடை இருக்கிறது.

இனி ஆர்.ஓ. தண்ணீரோ சிறுவாணியோ ஊற்றினால் போதும். தேய்த்து முடித்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பெட்டியை நிமிர்த்தி வையுங்கள். இத்தனைக்குப் பிறகும் சொட்டினால் வால்வையோ ரப்பர் சீலையோ மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு சர்வீஸ் சென்டர்தான் போக வேண்டும்.