‘இல்லீங்க’ என்பதற்கும் ஒரு கணக்கு

மளிகைக் கடையில் விற்றதற்குக் கணக்கு உண்டு. “இல்லீங்க” என்று திருப்பி அனுப்பியதற்குக் கிடையாது. கல்லாப்பெட்டி அருகே ஒரு நோட்டு வைத்து, கேட்ட பொருள், கேட்டவர், நேரம் மூன்றையும் அப்போதே குறிக்க வேண்டும். இரவில் எழுதினால் பாதி மறந்துபோகும்.

ஒரே அக்கா 10 முறை கேட்பது வேறு, 10 பேர் கேட்பது வேறு. இட்லி மாவையே எடுத்துக்கொள்வோம். பலரும் மாலை 6 மணிக்குமேல் கேட்டிருந்தால், அது இரவு டிபனுக்கான அவசரம். காலையிலேயே வாங்கி வெளியே அடுக்கினால் அதற்குள் புளித்துப் பாக்கெட் உப்பிவிடும். மதியத்துக்குமேல் 10 பாக்கெட் மட்டும் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துப் பார்க்கலாம். மீந்தால் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று மாவு போடுபவரிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. சீக்கிரம் தீர்ந்தால் மறுநாள் கூட்டலாம். கேட்டவர்களே வாங்காவிட்டால், விலையா புளிப்பா என்று அவர்களிடமே விசாரிக்கலாம்; பெயர்தான் நோட்டில் இருக்கிறதே.